அல்மாத்தி வீட்டாருக்கு ஒரு நன்றிக் கடிதம்: ரஷ்ய மொழியில் எழுதுவது எப்படி

நான் ரஷ்ய மொழியில் எழுதிய முதல் நன்றிக் கடிதத்தில் நான் ஆணாகிவிட்டேன். மாணவர் பரிமாற்றத்தில் மூன்று மாதம் கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் ஒரு வீட்டில் தங்கி, திரும்பி வந்து, இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அழகாக நகல் எடுத்து அனுப்பினேன். அதை எழுதியவர் யாரோ ஒரு பையன். வினைச்சொல் எல்லாம் ஆண்பாலில் இருந்தன. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பெண்தான் செய்தி அனுப்பினாள்: "இந்தக் கடிதம் யார் எழுதியது? உன் அண்ணனா?"

அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் போய் வந்த நாலைந்து பேருக்குக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதிலும் தமிழ் பேசுகிறவர்கள் விழுகிற இடங்கள் தனி. அந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன், கடைசியில் ஒரு முழுக் கடிதமும் தருகிறேன். ரஷ்ய எழுத்து உங்களுக்கு வாசிக்கத் தெரியும், கொஞ்சம் எழுதவும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பருவம் அங்கே பேருந்தில் போய் வந்தாலே அது வந்துவிடும். ரஷ்ய வார்த்தைகளை இங்கே தமிழ் எழுத்தில், பேசுகிறபடி அல்லாமல் எழுதுகிறபடி தருகிறேன். 'நன்றி'யைக் காதில் கேட்டால் 'ஸ்பசீபா' என்று இருக்கும், எழுதும்போது கடைசியில் 'ஓ', அதாவது 'ஸ்பசிபோ'. காதால் கேட்டதை அப்படியே எழுதுவதுதான் முதல் தவறு. வணக்கம் சொல்லும் 'ஸ்த்ராவ்ஸ்த்வுய்த்தே'யில் முதல் 'வ்' யார் வாயிலும் வராது, ஆனால் எழுத்தில் கட்டாயம் இருக்கும்.

எழுத உட்காருவதற்கு முன்

ஊர் வந்து சேர்ந்த அன்றே ஒரு வரிச் செய்தி போட்டுவிடுங்கள்: நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன், அவ்வளவுதான். அங்கே பெரியவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். கடிதம் வேறு, அதற்கு ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் பிறகு கடிதத்தின் முதல் பாதி முழுக்கத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும். அந்த மன்னிப்புக்கு வேண்டிய இலக்கணம் நன்றிக்கு வேண்டியதைவிடக் கடினம்.

ஒரு தாளில், தமிழிலேயே, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று போதும். 'நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்' என்று எழுதினால் அழித்துவிட்டு, என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். நான் இறைச்சி சாப்பிட மாட்டேன். அல்மாத்தியில் அது சின்ன விஷயம் இல்லை, விருந்து என்றாலே இறைச்சிதான். அந்த வீட்டு அம்மா எனக்காக மட்டும் உருளைக்கிழங்கு வைத்து வரேனிக்கி செய்தார், நம்ம ஊர் சோமாசி மாதிரி மடித்து, ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் தண்ணீரில் வேகவைத்து. அப்பா காலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு வந்து நின்றார். பெண் தினமும் சாயங்காலம் என் வீட்டுப்பாடத்தைத் திருத்தினாள். மூன்று பேர், மூன்று விஷயம், என் கடிதம் முழுக்க இவ்வளவுதான். கிளம்பும் அன்று செருப்பு மாட்டுவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள், பயணம் நல்லபடியாக அமைய அங்கே இருக்கிற வழக்கம். அது உங்களுக்கும் நடந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வரிக்கு ஆகும்.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழி பேசுகிற வீடு என்பதும் ரஷ்யர்கள் வீடு என்பதும் ஒன்றல்ல. கஜகஸ்தானில் வீட்டுக்குள் ரஷ்யம் பேசுகிற கஜாக் குடும்பங்கள் நிறைய, கொரிய, உய்குர் குடும்பங்களும் உண்டு. நான் இருந்தது கஜாக் வீடு. அப்படிப்பட்டவர்களுக்கு 'ரஷ்ய விருந்தோம்பலுக்கு நன்றி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? நமக்குத் தமிழ்நாட்டில் தங்கிப் போனவர் 'உங்கள் இந்தி உபசரிப்புக்கு நன்றி' என்று எழுதினால் எப்படியோ அப்படி. நாட்டின் பெயரோ இனத்தின் பெயரோ எதுவும் இல்லாமல் 'உங்கள் வீடு' என்றே எழுதுங்கள், எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

விளிப்பு: யாரை எப்படிக் கூப்பிடுவது

தொடக்கத்தில் வருகிற 'அன்புள்ள' என்பதற்கு ரஷ்யத்தில் இரண்டு வார்த்தை இருக்கிறது. 'உவஜாயெமாயா' என்பது 'மதிப்பிற்குரிய', அலுவலகத்துக்கு, பேராசிரியருக்கு, வங்கிக்கு. மூன்று மாதம் சோறு போட்டவருக்கு அதை எழுதினால் ஏதோ புகார்க் கடிதம் வந்திருக்கிறது என்று நினைப்பார். வீட்டாருக்கு 'தோரோகாயா'. விலை அதிகம் என்பதற்கும் அதே வார்த்தைதான், கடையில் கேட்டிருப்பீர்கள். நம்ம 'அருமை'யிலும் கிடைப்பதற்கு அரிது என்ற பொருள் உள்ளே கிடக்கிறது இல்லையா, அந்த மாதிரி. ஒரு பெண்ணுக்கு எழுதினால் 'தோரோகாயா', ஒரு ஆணுக்கு 'தோரோகோய்', ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு 'தோரோகியே'. குடும்பத்துக்கு எழுதும்போது பன்மைதான் வேண்டும், பெண்ணை மட்டும் பார்த்து 'தோரோகாயா' என்று ஆரம்பித்துப் பின்னால் அப்பா பெயரையும் சேர்ப்பவர்கள் நிறைய.

பெயருக்கு வருவோம். வயதில் மூத்தவர்களுக்குப் பெயரோடு தந்தைப் பெயரும் சேரும். அவர் பெயர் குல்நாரா, அவருடைய அப்பா பெயர் செரிக் என்றால், குல்நாரா செரிகோவ்னா. ஆண் என்றால் முடிவு '-ஒவிச்', அப்பா மராத் என்றால் அசான் மராத்தொவிச். அப்பா பெயரை எழுத்தாக முன்னால் போட்டுக்கொள்கிற நமக்கு இது புதிதே இல்லை, நாம் முன்னால் வைக்கிறதை அவர்கள் பின்னால் முழுதாக வைக்கிறார்கள். குடும்பப் பெயரை விளிப்பில் சேர்க்காதீர்கள், அது உறைக்கு. ஆனால் ஒரு விதிவிலக்கு: அவரே 'என்னை லேனா அத்தை என்று கூப்பிடு', 'அபா என்று கூப்பிடு' என்று சொல்லியிருந்தால் (அபா என்பது கஜாக்கில் மூத்த பெண்களைக் கூப்பிடுவது), வீட்டில் கூப்பிட்ட அதே பெயரில்தான் எழுத வேண்டும். மூன்று மாதம் அபா என்று கூப்பிட்டுவிட்டுக் கடிதத்தில் தந்தைப் பெயர் போட்டால் தள்ளி நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

விளிப்பு முடிந்ததும் ஆச்சரியக்குறி. ஆங்கிலக் கடிதப் பழக்கத்தில் நாம் காற்புள்ளி போடுவோம், ரஷ்யத்தில் ஆச்சரியக்குறி போட்டு அடுத்த வரியைப் பெரிய எழுத்தில் தொடங்குவதுதான் வழக்கம். கத்துகிற மாதிரி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அவர்கள் கண்ணுக்கு அது முகமலர்ச்சி.

அப்புறம் நீ, நீங்கள். இதில் நமக்கு யோகம், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் குழம்புவதை நாம் பிறந்ததிலிருந்து செய்கிறோம். 'வி' என்றால் நீங்கள், 'தி' என்றால் நீ. பெரியவர்களுக்கு 'வி', உங்கள் வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ 'தி'. அவர்கள் உங்களை நீ என்று கூப்பிட்டார்கள் என்பதற்காக நீங்களும் நீ என்று எழுதக் கூடாது, அதுவும் நம்ம ஊர் மாதிரியேதான். கூடுதலாக ஒரே ஒரு விஷயம்: கடிதத்தில் ஒரே ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்னும்போது அந்த 'வி'யைப் பெரிய எழுத்தில் தொடங்கலாம், பலரைச் சேர்த்துச் சொல்லும்போது சிறிய எழுத்து. நான் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கான வரிகளில் பெரிய எழுத்து, எல்லோருக்கும் பொதுவான வரிகளில் சிறிய எழுத்து. இதில் தவறினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், சரியாக எழுதினால் கவனிப்பார்கள்.

நன்றி வாக்கியம், அதாவது தமிழர் வழுக்கும் இடம்

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் 'உங்களுக்கு நன்றி', 'உதவிக்கு நன்றி' இரண்டிலும் 'கு'தான். யாருக்கு என்பதற்கும் எதற்கு என்பதற்கும் ஒரே நாலாம் வேற்றுமை. அந்தப் பழக்கத்தில் ரஷ்யத்திலும் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். அங்கே அப்படி இல்லை. ஆளுக்கு மட்டும்தான் நாலாம் வேற்றுமை: 'ஸ்பசிபோ வாம்', உங்களுக்கு நன்றி. காரியத்துக்கு 'ஸா' என்ற முன்னிடைச்சொல் போட்டு, பெயரை நம்ம இரண்டாம் வேற்றுமை மாதிரி மாற்ற வேண்டும். அக்கறை என்பது 'ஸபோத்தா'. அக்கறைக்கு நன்றி என்றால் 'ஸ்பசிபோ ஸா ஸபோத்து'. இதைத் தமிழ் வழியில் 'ஸ்பசிபோ ஸபோத்தே' என்று எழுதினால், அந்த அக்கறை என்கிற ஆசாமியைக் கூப்பிட்டு அவருக்கு நன்றி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பயப்பட வேண்டாம், இந்த வேற்றுமையில் மாறுவது கொஞ்சம்தான். 'ஆ'வில் முடிகிற பெண்பால் வார்த்தை 'உ'வில் முடியும், 'யா'வில் முடிவது 'யு'வில். நன்றிக் கடிதத்தில் வருகிற மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும்: உதவி (போமொஷ்), பொறுமை (தெர்பேனியெ), விருந்தோம்பல் (கொஸ்தெப்ரியீம்ஸ்த்வோ), எல்லாம் (வ்ஸ்யோ). ஆக 'ஸ்பசிபோ ஸா வ்ஸ்யோ', எல்லாவற்றுக்கும் நன்றி. இதைத் தனியாக விட்டால் வெறும் உபசாரம், முதல் வரியில் போட்டுவிட்டு அடுத்து விவரத்துக்குப் போனால் நன்றாக இருக்கும்.

விவரத்துக்குத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம் இருக்கிறது: 'ஸ்பசிபோ ஸா தோ, ச்தோ…', அதாவது 'நீங்கள் இப்படிச் செய்ததற்கு நன்றி'. 'ச்தோ'வுக்கு முன்னால் காற்புள்ளி கட்டாயம். அதன் பின்னால் சாதாரண இறந்தகால வாக்கியம் ஒன்றை வைத்தால் போதும், எந்தப் பெயரையும் வேற்றுமைக்கு மாற்றிக் கஷ்டப்பட வேண்டாம். 'விமான நிலையத்தில் என்னை வரவேற்றீர்கள்' என்று எழுதத் தெரிந்தால் 'வரவேற்றதற்கு நன்றி' தானாக வந்துவிடும். ஒரே கவனம், 'வி' போட்டால் வினை பன்மையில்தான் வரும், எதிரில் இருப்பவர் ஒருவராக இருந்தாலும். 'செய்தீர்கள்' என்கிறோமே, அது மாதிரி. பெண்ணுக்கு 'தி' போட்டு எழுதும்போது ஒருமை, அதோடு அவள் பெண் என்பதால் பெண்பால் முடிவு.

இந்த வாக்கியத்தை ஒரே கடிதத்தில் மூன்று முறைக்கு மேல் போடாதீர்கள். நான் திருத்திய ஒரு கடிதத்தில் பதினோரு முறை இருந்தது. பரிசு வாங்கிய பட்டியலைப் படிக்கிற மாதிரி இருந்தது, பாசம் வரவே இல்லை.

நீங்கள் ஆணா பெண்ணா

என் கதை இதுதான். தமிழில் 'நான் இருந்தேன்' என்றால் யார் சொன்னாலும் இருந்தேன்தான். ரஷ்யத்தில் இறந்தகாலத்தில் 'நான்' சொல்லும்போது சொல்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியும். ஆண் 'யா ஜில்' என்பார், பெண் 'யா ஜிலா'. நான் வாழ்ந்தேன், தங்கினேன் என்று பொருள். 'நன்றியுள்ளவனாக இருக்கிறேன்' என்பது 'ப்லகொதாரென்', 'நன்றியுள்ளவளாக' என்பது 'ப்லகொதார்னா'. மகிழ்ச்சி 'ராத்', பெண் என்றால் 'ராதா'. ராதா என்று பெயர் உள்ளவர்கள் இதை எழுதும்போது இரண்டு முறை பாருங்கள்.

கடிதம் முடித்ததும் 'யா' வருகிற எல்லா இடத்தையும் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்திலுள்ள இறந்தகால வினையின் கடைசி எழுத்தை மட்டும் பாருங்கள். பெண் எழுதினால் பெரும்பாலும் 'லா'வில் முடிய வேண்டும், ஆண் எழுதினால் பெரும்பாலும் 'ல்'. இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யாததால்தான் எனக்கு இல்லாத அண்ணனைப் பற்றிக் கேள்வி வந்தது.

முழுக் கடிதம்

கீழே இருப்பது ஒரு பெண் எழுதுவதாக வைத்துக்கொண்ட கடிதம். பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒவ்வொரு பகுதியையும் தந்து பொருளையும் சொல்லிவிடுகிறேன்.

'தோரோகியே குல்நாரா செரிகோவ்னா, அசான் மராத்தொவிச் இ தானா!' இதில் 'இ' என்பது 'உம்'.

'ஸ்த்ராவ்ஸ்த்வுய்த்தே! யா ஹொரொஷோ தொலெத்தேலா இ உஜே தோமா. மாமா பெரெதயோத் வாம் ப்ரிவேத்.' வணக்கம், நல்லபடியாகப் பறந்து வந்து சேர்ந்தேன், இப்போது வீட்டில் இருக்கிறேன், அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். ஆமாம், ரஷ்யத்தில் மாமா என்றால் அம்மா. உண்மையிலேயே உங்கள் தாய்மாமன் விசாரித்தார் என்றால் அதற்கு வேறு வார்த்தை, 'த்யாத்யா'. அம்மா விசாரித்தார் என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அங்கே அம்மாக்கள் இந்த வரியைத்தான் பக்கத்து வீட்டுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். ஆண் எழுதினால் 'தொலெத்தேல்'.

'ஸ்பசிபோ வாம் பொல்ஷோயெ ஸா வ்ஸ்யோ. யா ஜிலா உ வாஸ் த்ரி மேஸ்யத்ஸா, இ ம்னே பிலோ உ வாஸ் ஹொரொஷோ, காக் தோமா.' எல்லாவற்றுக்கும் மிக்க நன்றி, மூன்று மாதம் உங்களிடம் இருந்தேன், சொந்த வீட்டில் இருக்கிற மாதிரி நன்றாக இருந்தது.

'குல்நாரா செரிகோவ்னா, ஸ்பசிபோ ஸா தோ, ச்தோ வி கொதோவிலி த்ல்யா மெந்யா வரேனிக்கி ஸ் கர்தோஷ்கொய்.' எனக்காக உருளைக்கிழங்கு வரேனிக்கி செய்ததற்கு நன்றி. 'கொதோவிலி' என்பது சமைத்தீர்கள், ஒருவரே என்றாலும் பன்மை.

'அசான் மராத்தொவிச், ஸ்பசிபோ ஸா தோ, ச்தோ வி வ்ஸ்த்ரேத்திலி மெந்யா வ் அயெரொபொர்த்து வ் செத்திரெ சசா உத்ரா.' காலை நாலு மணிக்கு விமான நிலையத்தில் வரவேற்றதற்கு. 'நாலு மணிக்கு' என்று எண்ணைப் போட்டதுதான் இந்த வரிக்கு உயிர், அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

'தானா, ஸ்பசிபோ ஸா தெர்பேனியெ! தி காஜ்தி வேசெர் இஸ்ப்ரவ்ல்யாலா மொயீ ஒஷிப்கி.' பொறுமைக்கு நன்றி, தினமும் சாயங்காலம் என் தவறுகளைத் திருத்தினாய். இங்கே 'தி', ஒருமை, பெண்பால், மூன்றும் சேர்ந்து வருகிறது.

'யா ஸ்குசாயு பொ வாஷெமு சாயு ஸ் மொலொகோம்.' உங்கள் பால் தேநீரை நினைத்து ஏங்குகிறேன். அல்மாத்தி கஜாக் வீடுகளில் தேநீர் பாலோடுதான், சின்னக் கிண்ணத்தில், அதுவும் நிறைய ஊற்ற மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் விருந்தினருக்கு மரியாதை. முதல் நாள் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது, அதைக் கடிதத்தில் எழுதவில்லை. 'உங்களை நினைத்து ஏங்குகிறேன்' என்று நேரடியாக எழுதுவதைவிட ஒரு பொருளைப் பிடித்து எழுதினால் கனம் குறையும், வயதானவர்கள் அழ மாட்டார்கள்.

'ப்ரியெஜாய்த்தே க் நாம் வ் கோஸ்த்தி, வ் மதுராய்.' மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அழைப்பு இல்லாமல் கடிதம் முடியக் கூடாது, அவர்கள் வருவார்களா மாட்டார்களா என்பது வேறு விஷயம்.

'ஜெலாயு வாம் ஸ்தொரோவ்யா இ ராதொஸ்தி. ஒப்னிமாயு வாஸ். ராஹ்மெத்!' உங்களுக்கு ஆரோக்கியமும் மகிழ்ச்சியும் வாழ்த்துகிறேன், உங்களைக் கட்டிக்கொள்கிறேன், நன்றி. கடைசி வார்த்தை கஜாக். ரஷ்யத்தில் எழுதிய கடிதத்தின் முடிவில் அவர்களுடைய தாய்மொழியில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அதற்கு மேல் போனால் தவறு வரும். வாழ்த்து வார்த்தைகள் 'ஜெலாயு'வுக்குப் பின் ஆறாம் வேற்றுமையில் வருவதால் 'ஸ்தொரோவ்யெ' என்பது 'ஸ்தொரோவ்யா' ஆகிறது. காரணம் யோசிக்காமல் முழுத் தொடராக மனப்பாடம் செய்துவிடுங்கள். வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால் ஆரோக்கியம்தான் முதலில் வர வேண்டும்.

'வாஷா மீனா' என்று கையெழுத்து, ஆண் என்றால் 'வாஷ்'. 'ஸ் உவஜேனியெம்' என்று முடிக்காதீர்கள், அது 'மதிப்புடன்', மறுபடி அலுவலகம். தேதியைக் கீழே '14 சென்த்யாப்ர்யா' என்று, மாதத்தின் முடிவை மாற்றி எழுதுவார்கள். அது சிரமம் என்றால் 14.09 என்று எண்ணிலேயே போடலாம், நாள் முன்னால் மாதம் பின்னால், நம்ம வழக்கம்தான்.

எதை எழுதக் கூடாது

வீட்டில் யாருக்காவது அடுத்த வாரம் பிறந்தநாள் வருகிறது, கடிதம் போகிறதே, அதிலேயே வாழ்த்தும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிறந்தநாளை முன்கூட்டி வாழ்த்துவது நல்லதல்ல என்று ரஷ்யம் பேசுகிறவர்களிடையே பரவலான நம்பிக்கை, படித்தவர்கள்கூட முகம் சுளிப்பார்கள். அன்றைக்கோ அடுத்த நாளோ செய்தி அனுப்புங்கள். நண்பர் யார் மூலமாவது பூ கொடுத்து அனுப்புவதாக இருந்தால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சொல்லுங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

'ஹொஸ்யாய்க்கா' என்ற வார்த்தையையும் யோசித்துப் போடுங்கள். 'நீங்கள் அருமையான ஹொஸ்யாய்க்கா' என்றால் வீட்டை அழகாக நடத்துகிறவர் என்று பாராட்டு. 'என் ஹொஸ்யாய்க்கா' என்றால் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா. பணம் கொடுத்துத் தங்கியிருந்தாலும் கடிதத்தில் அது வேண்டாம், பெயர் சொல்லுங்கள் போதும். உடைத்த கோப்பை, ராத்திரி தாமதமாக வந்தது, இவற்றுக்கெல்லாம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கலாமா என்றால், அங்கேயே கேட்டிருந்தால் மறுபடி கிளறாதீர்கள்.

கையெழுத்தும் உறையும்

கையால் எழுதினால் மதிப்பு அதிகம். ஆனால் ரஷ்யக் கூட்டெழுத்து அச்செழுத்திலிருந்து வேறு மாதிரி: 'த்' எழுத்து ஆங்கிலச் சின்ன எம் மாதிரி இருக்கும், 'இ' ஆங்கில யு மாதிரி, சில வார்த்தைகளில் எல்லாம் சேர்ந்து வெறும் அலையாகத் தெரியும். பழகாதவர்கள் அச்செழுத்திலேயே பிரித்துப் பிரித்து எழுதுங்கள். குழந்தை எழுதின மாதிரி இருக்கும், பரவாயில்லை, வாசிக்க முடியும். இரண்டும் கலந்து எழுதுவதுதான் மோசம். முதலில் வேறு தாளில் எழுதி, 'யா'வை வட்டமிட்டு, ரஷ்யம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அதற்கப்புறம் நல்ல தாளில். திருத்துகிறவரிடம் 'தவறை மட்டும் திருத்துங்கள், அழகுபடுத்தாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் குரல் போய்விடும். அப்படி அழகுபடுத்திய கடிதம் போயிருந்தால் அந்த வீட்டுப் பெண் அது என்னுடையது இல்லை என்று இரண்டாவது வரியிலேயே சொல்லியிருப்பாள்.

முகவரியை நினைவிலிருந்து எழுதாதீர்கள். அல்மாத்தியில் பல இடங்களுக்குத் தெருப் பெயரே இருக்காது, குடியிருப்புப் பகுதியின் எண், கட்டட எண், வீட்டு எண் என்று எண்களாகவே போகும், ஒன்று மாறினால் வேறு வீடு. கிளம்புவதற்கு முன்பே அவர்களையே ஒரு தாளில் எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வது நல்லது, மறந்துவிட்டால் அந்தப் பெண்ணிடம் செய்தியில் கேட்டு வாங்கலாம். நம்ம தபால் நிலையத்தில் பிரித்து அனுப்புகிறவருக்காக நாட்டின் பெயர் கடைசி வரியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், மேலே முகவரியை ஆங்கில எழுத்திலும் ரஷ்ய எழுத்திலும் எழுதினால் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வசதி. தபால் மெதுவாகத்தான் போகும், அதனால் உறையை ஒட்டும் முன் கடிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேராமல் போனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

பதில் வரும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறியின் மூடுகிற பாதி மட்டும், இப்படி ) இருந்தால் அச்சுப் பிழை இல்லை, அது சிரிப்பு. ரஷ்யம் பேசுகிறவர்கள் கண்ணைப் போடாமல் வாயை மட்டும் போடுகிறார்கள். இரண்டு மூன்று சேர்ந்து ))) என்று வந்தால் நன்றாகவே சிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் அண்ணனைப் பற்றிய அந்தக் கேள்வியின் முடிவில் ஐந்து இருந்தன.